கயல் யார் என்று கயலே சொல்லட்டும்

கேள்வி: டெல்டா மாவட்டத்தில் நானும் என் தம்பியும் சேர்ந்து விவசாயத் தகவல் சொல்லும் யூடியூப் சேனல் நடத்துகிறோம். கேமரா முன்னால் பேச இருவருக்குமே வராது. அதனால் ஏழு மாதமாக ஏஐ-யில் உருவாக்கிய ஒரு பெண் தொகுப்பாளரை வைத்து வீடியோ போடுகிறோம்; ‘கயல்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். கையில் படம் இல்லாத இடங்களில் பயிர் நோய், மழை, வெள்ளம் எல்லாவற்றையும் ஏஐ-யிலேயே செய்து சேர்க்கிறோம். டிஸ்கிரிப்ஷனின் கடைசி வரியில் இதை எழுதியும் வைக்கிறோம். போன வாரம் ஒரு பெரியவர், “கயல் அம்மா, என் வயல்ல நெல்லு இலையில புள்ளி விழுது, ஒருதரம் வந்து பாத்துட்டுப் போங்க” என்று கமெண்ட் போட்டிருந்தார். மனசு உறுத்துகிறது. டிஸ்கிரிப்ஷனில் எழுதியது போதாதா? வெளிப்படையாகச் சொன்னால் பார்க்கிறவர்கள் போய்விடுவார்களோ?

பதில்: போதாது. அதற்கான சான்று அந்தப் பெரியவரின் கமெண்டிலேயே இருக்கிறது. ஏழு மாதமாக நீங்கள் எழுதி வைத்த வரி அவர் கண்ணுக்குப் போய்ச் சேரவே இல்லை. எழுதினோமா என்பதைவிட, பார்த்தவருக்குத் தெரிந்ததா என்பதே கணக்கு.

டிஸ்கிரிப்ஷன் ஏன் எட்டவில்லை என்று பாருங்கள். போனில் அது மடங்கிக் கிடக்கும், தட்டினால்தான் விரியும். டிவியில் பார்க்கிறவர் அதைத் தேடிப் போவதே அரிது. வாட்ஸ்அப் குழுவில் யாரோ வெட்டி அனுப்பிய துண்டில் அது இல்லவே இல்லை. களத்தில் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காதால் மட்டும் கேட்கிறவர்களும் உண்டு. ஆகவே அறிவிப்பு மூன்று இடங்களில் இருக்க வேண்டும்: கயலின் வாயில், படத்தின் மேல், யூடியூப் கேட்கும் கேள்விக்கான பதிலில்.

முதலில் வாய். வீடியோ தொடங்கியதும் கயல் சொல்ல வேண்டியது ஏறக்குறைய இப்படி: “வணக்கம், நான் கயல். நான் கம்ப்யூட்டர்ல செஞ்ச உருவம், நிஜ ஆள் இல்ல. இந்தத் தகவலை எழுதிச் சரிபார்த்தது” என்று தொடங்கி உங்கள் இருவர் பெயர். நிதானமாகச் சொன்னாலும் பத்து நொடிக்குள் முடிந்துவிடும். “செயற்கை நுண்ணறிவுத் தொழில்நுட்பத்தின் உதவியுடன் தயாரிக்கப்பட்டது” என்று எழுதாதீர்கள். எழுத உதவியதா, எடிட் செய்ய உதவியதா, முகமே அதுதானா என்று அந்த வாக்கியத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஏஐ என்ற சொல்லும் அறுபது வயது விவசாயி எல்லோருக்கும் பழகிய சொல் அல்ல. ‘நிஜ ஆள் இல்ல’ என்பது எல்லோருக்கும் புரியும். உங்கள் பெயர்களைச் சேர்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. சொன்னது தப்பாகிப்போனால் கயலிடம் போய்க் கேட்க முடியாது. கேட்கக் கூடிய ஒரு மனிதர் திரைக்குப் பின்னால் இருக்கிறார் என்று தெரிய வேண்டும்.

பெயரிலேயே அடையாளம் வைப்பதும் நல்ல வழிதான். தூர்தர்ஷனின் விவசாய சேனலான டிடி கிசான் 2024 மே மாதம் ஏஐ தொகுப்பாளர் இருவரை அறிமுகப்படுத்தியபோது ‘ஏஐ கிரிஷ்’, ‘ஏஐ பூமி’ என்றே பெயர் வைத்தது. உங்களுடையது ‘ஏஐ கயல்’ ஆகட்டும். கீழே ஓடும் பெயர்ப் பட்டையிலும் அப்படியே வரட்டும். ஆனால் பெயரை மாற்றிவிட்டோம் என்று தொடக்கத்தில் சொல்வதை விட்டுவிடாதீர்கள்.

கயலுக்கு எழுதிக் கொடுக்கும் பேச்சையும் இதே கண்ணோடு ஒருமுறை படிக்க வேண்டும். ‘நான் நேத்து ஒரு வயல்ல பார்த்தேன்’, ‘எங்க ஊர்ல’, ‘என் அனுபவத்துல’ போன்ற சொற்கள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் அடித்துவிடுங்கள். தொகுப்பாளரின் முகத்தை நம்புகிறவர் அழகான உச்சரிப்புக்காக நம்புவதில்லை. இந்தப் பெண் போய்ப் பார்த்திருக்கிறாள், விசாரித்திருக்கிறாள் என்றுதான் நம்புகிறார். கயல் எந்த வயலுக்கும் போனதில்லை. ஆகவே ‘நான் பார்த்தேன்’ என்று அவள் சொன்னால், மூலையில் லேபிள் இருந்தாலும் அது பொய்தான். பார்த்தது தம்பி என்றால் ‘தம்பி போய்ப் பார்த்து எடுத்து வந்தது’ என்று சொல்லட்டும். வேளாண் அலுவலர் சொன்னது என்றால் போனில் பதிவு செய்த அவர் குரலையே போடுங்கள். கயல் வாயில் திணிக்காதீர்கள்.

இனி காட்சிகள். எனக்கு அதிகக் கவலை இங்கேதான், ஏனென்றால் பெரியவர் கேட்டது இலையில் விழும் புள்ளியைப் பற்றி.

நெல் குலைநோய் பற்றி நான்கு நிமிட வீடியோ ஒன்று செய்வதாக வைத்துக்கொள்வோம். இருபது நொடி கயல் பேசுகிறாள். பிறகு ஏஐ-யில் செய்த இலைப் புள்ளி, கிட்டப் படமாகப் பன்னிரண்டு நொடி. பிறகு மழை பெய்யும் வயல், அதுவும் ஏஐ, எட்டு நொடி. அடுத்து தம்பி போனில் எடுத்த நிஜ வயல், நாற்பது நொடி. மீதியில் கயல் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறாள்.

இதில் மழைக் காட்சி வெறும் நிரப்பல். ‘ஏஐ படம், நிஜக் காட்சி அல்ல’ என்று மேலே எழுதிவிட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. இலைப் படம் அப்படி அல்ல. குலைநோயின் புள்ளி இரண்டு முனையும் கூர்ந்து நடுவில் பருத்து, கண் மாதிரி இருக்கும். நடுவே சாம்பல் நிறம், ஓரம் பழுப்பு. செம்புள்ளி நோயின் புள்ளி எள்ளைப் போலச் சிறிய வட்டமாகவோ முட்டை வடிவிலோ இருக்கும். ‘நெல் குலைநோய் இலை’ என்று கேட்டால் ஏஐ தருவது, எந்தெந்தப் பயிரிலிருந்தோ அது பார்த்த புள்ளிகளின் கலவை. பல நேரம் வட்டப் புள்ளியாக வரும். சில நேரம் நெல் இலையில் நீளவாக்கில் ஓட வேண்டிய நரம்புகள் ஆலிலை மாதிரி வலையாகக் கிளைத்திருக்கும். நரம்பை உற்றுப் பார்த்தால் நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பார்க்கிறவர் நரம்பைப் பார்ப்பதில்லை. தன் வயல் இலையைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துப் புள்ளியைத்தான் ஒப்பிடுவார்.

ஒப்பிட்டால் என்ன ஆகும்? குலைநோய் தழைச்சத்து மிஞ்சிய வயலில் வேகமாகப் பரவும். யூரியாவை நிறுத்திப் பிடிக்க வேண்டும். செம்புள்ளி பெரும்பாலும் சத்துக் குறைந்த மண்ணில் வருவது. அங்கே மண்ணுக்கு ஊட்டம் கொடுக்க வேண்டும். படம் ஒரு நோயையும் கயலின் பேச்சு இன்னொரு நோயையும் காட்டினால், செம்புள்ளி விழுந்த வயல்காரர் உரத்தை நிறுத்திவிடுவார். மூலையில் ‘ஏஐ படம்’ என்று எழுதியிருந்தாலும் அவர் பயிருக்கு அதனால் பயன் இல்லை. எனவே பார்க்கிறவர் எதை அடையாளமாக வைத்து ஒரு முடிவு எடுக்கப் போகிறாரோ அந்தப் படத்தை ஏஐ-யில் செய்யவே கூடாது. நோய், பூச்சி, மருந்துப் புட்டியின் லேபிள், விதையின் நிறம் எல்லாம் இதில் அடங்கும். நிஜப் படம் கிடைக்கும்வரை அந்த வீடியோவைத் தள்ளிப் போடுங்கள். அல்லது ஒரு வெள்ளைத் தாளில் புள்ளியின் வடிவத்தைக் கையால் வரைந்து காட்டுங்கள். கோட்டோவியத்தைப் பார்த்து யாரும் நிஜ இலை என்று நினைக்க மாட்டார்கள். அதே நேரம், கண் வடிவமா வட்டமா என்பது அதில் பளிச்சென்று தெரியும்.

வெள்ளக் காட்சிக்கும் இதே தடைதான். ‘கொள்ளிடத்தில் இன்று’ என்று நாளும் ஊரும் சொல்லிவிட்டு ஏஐ வெள்ளத்தைக் காட்டினால், வெளியூரில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போன் போடுவான். எட்டு நொடித் துண்டு தனியாகக் குழுக்களில் சுற்றத் தொடங்கியதும் உங்கள் விளக்கம் எதுவும் கூடப் போகாது. நடந்ததாகச் சொல்லும் ஒரு நிகழ்வுக்கு நிஜப் படம் இல்லையென்றால் வரைபடம் போடுங்கள், அல்லது எழுத்தை மட்டும் காட்டுங்கள்.

இந்த இரண்டு தடையும் போக மிஞ்சும் ஏஐ காட்சிகளுக்கு லேபிள். காட்சி ஓடும் நேரம் முழுவதும் அது இருக்க வேண்டும். தொடக்கத்தில் மூன்று நொடி காட்டிவிட்டு எடுத்துவிட்டால், நடுவில் வெட்டியவர் கையில் வெறும் காட்சிதான் மிஞ்சும். எந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் அதில் லேபிள் இருக்கிறதா என்பதே சோதனை. எடிட்டிங்கிலேயே படத்தோடு சேர்த்துப் பதித்துவிடுங்கள். யூடியூப் கார்டாகவோ சப்டைட்டிலாகவோ வைத்தால், வீடியோ வெளியே போகும்போது அது பின்தங்கிவிடும். படம் எப்படி உருவானது என்று கோப்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் பதியும் சி2பிஏ சான்றுத் தகவலும் அப்படித்தான். உங்கள் ஏஐ கருவி அதைப் பதித்தால் நல்லதே, அழிக்க வேண்டாம். ஆனால் வாட்ஸ்அப்பில் இரண்டு கை மாறியதும் அது கூடவே வரும் என்று நம்பியிருக்க முடியாது.

எழுத்தின் அளவில் பலரும் சறுக்குகிறார்கள். 1920 x 1080 வீடியோவை ஒருவர் போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தால் அந்த 1920 பிக்சலும் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். கம்ப்யூட்டர் திரையில் உங்களுக்கு நன்றாகத் தெரியும் 24 பிக்சல் எழுத்து அங்கே ஒரு மில்லிமீட்டர்கூட இராது. 60 பிக்சல் வைத்தால் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வரும். மேல்விலங்கும் புள்ளியும் உள்ள நம் எழுத்துக்கு அதற்குக் கீழே போகக் கூடாது. பின்னால் கறுப்புப் பட்டை, மேலே வெள்ளை எழுத்து. வயல் பச்சையில் வெறும் வெள்ளை எழுத்து கரைந்துவிடும். ஷார்ட்ஸ் என்றால் கீழ்ப்பகுதியைச் சேனல் பெயரும் தலைப்பும் மூடிவிடும், வலப்புறத்தை லைக், கமெண்ட் பொத்தான்கள் மூடிவிடும். அதில் மேலிருந்து சுமார் 300 பிக்சல் இறக்கி இடப்புறம் வையுங்கள். ஏற்றுவதற்கு முன் வீட்டில் மூக்குக்கண்ணாடி போடுகிற ஒருவரிடம் போனைக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ‘அந்தப் பொண்ணு யாரு?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் உங்கள் லேபிளின் தரம் தெரிந்துவிடும்.

தம்பி எடுத்த நாற்பது நொடிக்கும் ஒரு வரி வேண்டும்: ‘நிஜக் காட்சி’, அதோடு எடுத்த ஊர், நாள். இது பலரும் மறப்பது. ஏஐ காட்சிகளுக்கு மட்டும் லேபிள் போட்டுப் பழக்கிவிட்டால், லேபிள் இல்லாத எல்லாமே நிஜம் என்று பார்க்கிறவர் எடுத்துக்கொள்வார். பொய்ச் செய்திகளுக்கு எச்சரிக்கை போட்டுப் பார்த்த ஆய்வுகளில், எச்சரிக்கை இல்லாத பொய்கள் கூடுதலாக நம்பப்பட்டதைக் கண்டிருக்கிறார்கள். ஒரு நாள் ஒரு காட்சிக்கு லேபிள் போட மறந்தால் முன்பைவிட மோசமாக ஏமாற்றியவர் ஆவீர்கள். இரண்டு வகைக்கும் வரி போட்டுவிட்டால் வரி இல்லாத காட்சி எடிட் செய்யும்போதே உங்கள் கண்ணில் உறுத்தும். இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் நிஜப் படத்தை யாராவது ‘இதுவும் ஏஐதானே’ என்று தள்ளினால், ஊரையும் நாளையும் காட்டி மறுக்க முடியும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்ட வேண்டாம். காற்றிரைச்சலைக் குறைத்தது, நிறத்தைச் சரிசெய்தது, பேச்சை எழுத ஏஐ உதவியது, இவற்றுக்கெல்லாம் படத்தின் மேல் எச்சரிக்கை தேவையில்லை. 2024-இல் மெட்டா ‘மேட் வித் ஏஐ’ என்ற லேபிளைக் கொண்டுவந்தபோது, சின்னத் திருத்தம் மட்டும் செய்த நிஜப் புகைப்படங்களிலும் அது ஒட்டிக்கொண்டது. புகைப்படக்காரர்கள் கொதித்தார்கள், சில வாரத்தில் அதை ‘ஏஐ இன்ஃபோ’ என்று மாற்ற வேண்டியதாயிற்று. நிஜத்தின் மேலும் ‘ஏஐ’ லேபிள், பொய்யின் மேலும் ‘ஏஐ’ லேபிள் என்றால் லேபிளைப் பார்ப்பதையே மக்கள் விட்டுவிடுவார்கள்.

மூன்றாவது இடம் யூடியூப். ஏற்றும்போது `Details` பக்கத்தில் `Altered content` என்று ஒரு கேள்வி இருக்கும். கண்ணில் படாவிட்டால் `Show more` அழுத்திக் கீழே இறங்குங்கள். `Yes` கொடுங்கள். நிஜம்போலத் தோன்றும், ஆனால் நடக்காத காட்சியை உருவாக்கியிருந்தால் சொல்ல வேண்டும் என்பது 2024 மார்ச்சிலிருந்து அங்கே விதி. அப்படிச் சொல்வதால் வீடியோ போய்ச் சேரும் அளவையோ வருமானத்தையோ குறைப்பதில்லை என்று யூடியூபே கூறியிருக்கிறது. ஆனால் அவர்கள் போடும் லேபிள் பெரும்பாலும் விரித்துப் பார்க்கும் டிஸ்கிரிப்ஷனுக்குள்தான் வரும். உடல்நலம், தேர்தல், செய்தி, பணம் போன்ற விஷயங்களில்தான் வீடியோ மேலேயே தெரியும்படி போடுகிறார்கள். அதை நம்பி உங்கள் லேபிளை விடக் கூடாது. இந்தியாவில் தகவல் தொழில்நுட்ப விதிகளிலும் 2026 பிப்ரவரியில் திருத்தம் வந்திருக்கிறது. செயற்கையாக உருவாக்கிய காட்சி, குரல் மேல் தெளிவாகத் தெரியும் அடையாளம் வேண்டும் என்கிறது அது. பெரிய தளங்கள், ஏற்றுகிறவரிடமே கேட்டுப் பதில் வாங்க வேண்டும். முந்தைய வரைவில் படத்தின் பத்தில் ஒரு பங்கை லேபிள் மூட வேண்டும் என்று இருந்தது. இறுதி விதியில் அந்த அளவு இல்லை. அதற்காகச் சின்னதாக்கிவிடாதீர்கள்.

இனி உங்கள் பயம். அது வீண் பயம் என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஏஐ பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் மேல் நம்பிக்கை குறைகிறது என்றுதான் 2025-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பதின்மூன்று சோதனைகள் செய்து பார்த்தார்கள். சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. தானாகச் சொன்னவரைவிட, மறைத்து வைத்து வேறொருவர் வாயால் அம்பலமானவர் மேல் நம்பிக்கை இன்னும் அதிகமாக விழுந்தது.

சிட்னியில் காடா என்ற வானொலியில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ‘தை’ என்ற பெண் வார நாட்களில் தினம் நான்கு மணி நேரம் பாட்டு நிகழ்ச்சி நடத்தினாள். ஏறக்குறைய ஆறு மாதம் ஓடியது. அவள் யார், எந்த ஊர் என்ற விவரம் எங்கேயும் இல்லாததைக் கவனித்து ஒருவர் எழுதினார். கடைசியில் 2025 ஏப்ரலில், அது ஒரு ஊழியரின் குரலை வைத்து ஏஐ-யில் செய்த குரல் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. பாட்டு நன்றாக இல்லை, குரல் நன்றாக இல்லை என்று யாரும் சண்டைக்கு வரவில்லை. ஏன் சொல்லவில்லை என்ற கேள்விதான் பெரிதாக எழுந்தது. பாட்டுக்கே அந்த நிலை. மருந்து வாங்கச் சொல்லும் சேனல் அம்பலப்பட்டால், முன்பு சொன்ன சரியான தகவலையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

கடைசியில் சொன்னால் சுவையாக இருக்குமே என்று யாராவது யோசனை சொல்லலாம். பிரிட்டனின் சேனல் 4, 2025 அக்டோபரில் ஓர் ஆவணப்படத்தை ஏஐ தொகுப்பாளரை வைத்து நடத்தி, முடிவில்தான் அதைச் சொன்னது. அந்தப் படத்தின் பொருளே ஏஐ மனிதர் வேலையைப் பறிக்குமா என்பது. பார்க்கிறவர் ஏமாறுகிறாரா என்று காட்டுவதே அதன் நோக்கம். இதைப் பழக்கமாக்கப் போவதில்லை என்றும் அவர்கள் சொன்னார்கள். உங்கள் வீடியோவைப் பாதியில் மூடிவிட்டு உரக்கடைக்குப் போகிறவர் அந்தக் கடைசி நிமிடத்தைப் பார்க்கவே மாட்டார்.

பழைய வீடியோக்கள் மிச்சம். ஏற்றிய வீடியோவின் மேல் யூடியூபில் புதிதாக எழுத்துச் சேர்க்க முடியாது. ஆனால் வெட்டலாம், மங்கலாக்கலாம். ஏஐ-யில் செய்த நோய்ப் படம் உள்ளவற்றை முதலில் எடுங்கள். `Editor`-இல் அந்தப் பன்னிரண்டு நொடியை வெட்டுங்கள். வெட்டினால் பொருள் போய்விடும் என்றால் வீடியோவையே `Private` ஆக்குங்கள். ஊர் பெயர் சொன்ன வெள்ளக் காட்சிகளுக்கும் அதே. மற்றவற்றுக்கு `Altered content` கேள்வியில் `Yes` கொடுத்து, டிஸ்கிரிப்ஷனின் கடைசி வரியை முதல் வரிக்குக் கொண்டுவந்து, அதையே ஒரு கமெண்டாகப் போட்டு மேலே நிற்கும்படி `Pin` செய்யுங்கள். பிறகு கயல் இல்லாமல் நீங்கள் இருவரும் இரண்டு நிமிடம் பேசி ஒரு வீடியோ போடுங்கள். தடுமாறினாலும் பரவாயில்லை. கேமரா கூச்சத்தால் இப்படிச் செய்தோம், இனி இப்படிச் சொல்வோம், இன்னின்ன வீடியோவை இந்தக் காரணத்துக்காக எடுத்துவிட்டோம் என்று பட்டியலாகச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே அந்தப் பெரியவருக்குப் பதில் போடுங்கள். கயல் பெயரில் அல்ல, உங்கள் பெயரில். இப்படி எழுதலாம்: “ஐயா வணக்கம். வீடியோவில் பேசும் கயல் நாங்கள் கம்ப்யூட்டரில் செய்த உருவம், நிஜ ஆள் இல்லை. முன்பே தெளிவாகச் சொல்லாதது எங்கள் தப்பு. அந்த வீடியோவில் காட்டிய இலையும் நிஜ இலை இல்லை, அதை வைத்து மருந்து வாங்கிவிடாதீர்கள். புள்ளி விழுந்த நான்கைந்து இலைகளைப் பறித்துக்கொண்டு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய்க் காட்டுங்கள். அவர்கள் என்ன நோய் என்று சொன்னார்கள் என்பதை எங்களுக்கும் எழுதுங்கள் ஐயா.”